ஒரு படிக்கு ஓர் ஆழாக்கு

பெரியம்மாவின் நோட்டில் முதல் பக்கத்தில் ஒரு பிள்ளையார் சுழி. அதன் கீழே, "வடு 1 படி, கல்லுப்பு 1 ஆழாக்கு". அடுத்த வரியிலேயே, "பேங்க் வீட்டம்மா 2 படி, காரம் கம்மி, பாட்டில் அவுக தருவாக". அதற்கடுத்து மறுபடியும் பக்குவம்: "வெளக்கெண்ணெய், கை நனையிற அளவு". எங்கே பக்குவம் முடிகிறது, எங்கே ஆர்டர் தொடங்குகிறது என்று கோடு போட்டுப் பிரிக்க முடியாது. மளிகைக் கடையில் பற்று எழுதுகிற நீள நோட்டு. காப்பி பென்சிலால் எழுதியது. ஈரக் கை பட்ட இடமெல்லாம் எழுத்து ஊதாவாகப் பரவியிருக்கிறது. வடு ஊறுகிற பங்குனி மாதத்துப் பக்கங்களில்தான் ஊதா அதிகம்.

இப்போது நானும் மாவடு போட்டு விற்கிறேன். ஆர்டர் வாட்ஸ்அப்பில் வருகிறது, பணம் ஜிபேயில் வருகிறது. தொடங்கிய புதிதில் அந்த நோட்டிலிருந்து பக்குவத்தை மட்டும் தனியாக எடுத்து ஒரு வெள்ளைத் தாளில் எழுதிப் பார்த்தேன். எட்டு வரிகூட வரவில்லை. வடு, உப்பு, விளக்கெண்ணெய், மஞ்சள், மிளகாய், கடுகு. இதை வைத்துக்கொண்டு யாராலும் ஒரு நோட்டை நிரப்ப முடியாது. நோட்டை நிரப்பியவர்கள் வாங்கியவர்கள்தான்.

மதுரையில் வடக்கு மாசி வீதியிலிருந்து உள்ளே திரும்புகிற ஒரு சந்தில் வீடு. பெரியப்பா மில்லில் வேலை பார்த்தார். எழுபதுகளின் கடைசியில் ஒரு நீண்ட வேலைநிறுத்தம். சம்பளம் வராத மாதங்கள். அந்த வருஷம் பெரியம்மா வழக்கமாக வீட்டுக்குப் போடும் ஒரு ஜாடிக்குப் பதில் மூன்று ஜாடி போட்டார். வீட்டுக்கு ஒன்று, விற்க இரண்டு. "வித்தா வரவு, விக்காட்டி தயிர்சோத்துக்கு ஆச்சு" என்பது அவருடைய வியாபாரத் திட்டம். விற்றது. வேலைநிறுத்தம் முடிந்து பெரியப்பா மறுபடி மில்லுக்குப் போன பிறகும் ஜாடிகள் குறையவில்லை, கூடின.

வடு கூடையில் வரும். மாசி பிறந்து நாலைந்து நாளில் அழகர்கோவில் பக்கத்திலிருந்தும் நத்தம் பக்கத்திலிருந்தும் பெண்கள் தலையில் ஓலைக் கூடையோடு முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். தெருவுக்குள் குரல் கேட்ட உடனே பெரியம்மா வாசலுக்குப் போய்விட மாட்டார். இரண்டு வீடு விலை கேட்கட்டும் என்று காத்திருப்பார். பிறகு போய்க் கூடையின் மேல் துணியை விலக்கி, மேலே உள்ளதைத் தொடாமல் அடியில் கையை விட்டு ஒன்றை எடுப்பார். மேலே நல்லதாகவும் அடியில் கீழே விழுந்து அடிபட்டதாகவும் இருப்பது உலக வழக்கம்.

எடுத்ததைக் கத்தியால் குறுக்கே வெட்டுவார். வெள்ளரிப் பிஞ்சில் இறங்குவது போலக் கத்தி நடுவே தடையில்லாமல் போக வேண்டும். கொட்டை இருக்கும், ஆனால் அதில் ஓடு பிடித்திருக்கக் கூடாது. ஓடு பிடித்துவிட்டால் அது வடு இல்லை, மாங்காய். உப்பு உள்ளே இறங்காது. மேலே ஊறி, நடுவில் பச்சையாக நின்று, ஆவணிக்குள் கொட்டையைச் சுற்றிக் கறுத்துவிடும். அடுத்து காம்பைப் பார்ப்பார். காம்பு ஒட்டியிருந்தால் மரத்திலிருந்து பறித்தது. காம்பு இல்லாமல் அந்த இடத்தில் ஒரு குழி மட்டும் இருந்தால் காற்றுக்கு விழுந்தது. மாமரம் பிடிக்கிற பிஞ்சில் பெரும்பகுதியைத் தானே உதிர்த்துவிடும். அதைப் பொறுக்கி விற்பதில் பாவமில்லை, ஆனால் ஊறுகாய்க்கு ஆகாது. விழுந்தபோது அடிபட்ட இடம் வெளியே தெரியாது. ஜாடிக்குள் இறங்கிப் பத்து நாளில் அந்த இடம் கொழகொழவென்று ஆகி, பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும்.

எல்லாம் நாட்டு மரத்து வடு. கொட்டை விழுந்து தானாக முளைத்து, ஊர்ப் பொதுவிலும் வரப்பிலும் மலையடிவாரத்திலும் நின்ற மரங்கள். பழுத்தால் நார் நாராக, புளிப்பாக இருக்கும். அதனால் பழத்துக்கு விடாமல் பிஞ்சிலேயே பறிப்பார்கள். ஒட்டுமரத்து வடுவைப் பெரியம்மா கையால் தொடமாட்டார். அது பெரிதாக, பளபளப்பாக, தண்ணீராக இருக்கும். "இது பாக்கத்தான் அழகு, வாயில வச்சா வாழத்தண்டு" என்பார்.

பிறகு அளவு. அளப்பது விற்கிறவளின் படியிலா, பெரியம்மாவின் படியிலா என்பது ஒவ்வொரு வருஷமும் தீராத வழக்கு. தராசும் கிலோவும் கடைத்தெருவுக்கு வந்து வெகுகாலம் ஆன பிறகும் வடு படியில்தான் விற்றது. அரிசியைப் போல வடுவைத் தலைதட்டி அளக்க முடியாது. குவித்துத்தான் அளக்க வேண்டும். குவியல் எவ்வளவு உயரம் என்பதில்தான் பேரமே.

"ஏத்தா, இதென்ன குவியலா? மொட்டையடிச்ச தலை மாதிரி இருக்கு."

"அக்கா, இதுக்கு மேல வச்சா உருண்டுருமுக்கா. மலையில ஏறிப் பறிச்சு வந்தது."

"உருண்டா என் மடியிலதான விழும். வையி."

உருண்டு விழுந்தவை கணக்கில் சேராது என்பது இருவருக்கும் தெரியும். அந்த உருண்டவற்றை உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டுத் தின்பது எங்கள் வேலை. காம்பில் பால் வடியும். உதட்டில் பட்டால் புண்ணாகிவிடும். மாசி மாதத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் பாதிப் பேருக்கு வாயோரம் கறுத்திருக்கும்.

என்னிடம் அந்தப் படி இன்னும் இருக்கிறது. இரும்புப் படி, அடியில் முத்திரை தேய்ந்துபோனது. அதில் குவித்து அளந்த வடுவை மின் தராசில் வைத்தால் ஒரு கிலோவுக்குச் சற்று மேலே காட்டுகிறது. எட்டு ஆழாக்கு ஒரு படி. ஓர் ஆழாக்குக் கல்லுப்பு இருநூறு கிராமை ஒட்டி வருகிறது. ஆக, படிக்கு ஆழாக்கு என்பதைக் கிலோவுக்கு இருநூறு கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். தூத்துக்குடிக் கல்லுப்பாக இருக்க வேண்டும். தூளுப்பு போட்டால் வேறு கணக்கு. ஓர் ஆழாக்கில் தூளுப்பு கூடுதலாக அடங்கிவிடும், ஊறுகாய் கரிக்கும்.

இனி போடுகிற முறை. வடுவைக் கழுவி, தண்ணீர் வடித்து, வேட்டித் துணியில் பரப்பி, ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும். இந்தத் துடைப்பதில்தான் பாதி ஊறுகாய் இருக்கிறது. காம்பை ஒரு நகக்கண் அளவு விட்டுவிட்டு நறுக்க வேண்டும். ஒட்ட நறுக்கக் கூடாது. துடைத்த வடுவில் விளக்கெண்ணெய் ஊற்றிப் பிசற வேண்டும். கிலோவுக்கு இரண்டு தேக்கரண்டி போதும். ஒவ்வொரு வடுவும் பளபளக்க வேண்டும், அடியில் எண்ணெய் தேங்கக் கூடாது. உப்பு ஒட்டிப் பிடிக்கவும், தோல் வறண்டு போகாமல் சுருங்கவும் அது வேண்டும் என்பார் பெரியம்மா. விளக்கெண்ணெய் வாடை வருமே என்று கேட்டால், "நீ திங்கும்போது சொல்லு" என்பார். ஊறின பிறகு அந்த வாடை யாருக்கும் தெரிவதில்லை.

பீங்கான் ஜாடியில் ஒரு அடுக்கு வடு, ஒரு கை உப்பு, கொஞ்சம் மஞ்சள். மறுபடி வடு, மறுபடி உப்பு. கடைசி அடுக்கு உப்பாக முடிய வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவதில்லை. உப்புநீர் காய்ச்சி ஆறவைத்து ஊற்றுகிற வீடுகள் உண்டு. அதில் வேலை குறைவு, ஆனால் உப்பு முன்பே நீரில் கரைந்து நீர்த்திருப்பதால் வடுவின் நீர் அவ்வளவாக வெளியே வராது. சுருக்கம் சரியாக விழாது. எங்கள் முறையில் உப்பே வடுவிலிருந்து நீரை இழுக்கும். முதல் நாள் ஜாடியைச் சாய்த்தால் உப்பு சலசலவென்று உருளும். இரண்டாம் நாள் அடியில் ஈரம். மூன்றாம் நாள் பாதி ஜாடி நீர். ஐந்தாம் நாள் நீர் மேலே வந்து, வடு சுருங்கிக் கீழே போயிருக்கும்.

இதற்கிடையில் காலையும் மாலையும் குலுக்க வேண்டும். பெரிய ஜாடியைத் தூக்கிக் குலுக்க முடியாது. சாக்கை விரித்து, ஜாடியை அதன்மேல் லேசாகச் சாய்த்து, இரண்டு கையாலும் அடியைப் பிடித்து வட்டமாக உருட்டுவார் பெரியம்மா. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜாடியோடு பேசிக்கொண்டே உருட்டுவார். குலுக்கத் தவறினால் மேலடுக்கு வடு காய்ந்து, உப்பு அடியில் கட்டி தட்டிவிடும். விலக்கான நாளில் ஜாடியைத் தொடக் கூடாது என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்லிக்கொண்டே இருப்பார். பெரியம்மா அதைக் காதில் வாங்கியதில்லை. "ஈரக் கையும் எச்சிக் கரண்டியும்தான் கெடுக்கும், மத்தது எல்லாம் கதை" என்று முடித்துவிடுவார்.

வடு நன்றாகச் சுருங்கிய பிறகுதான் காரம். ஜாடியில் ஊறிய நீரைக் கொஞ்சம் எடுத்து, அதிலேயே மிளகாயையும் கடுகையும் அம்மியில் அரைத்துத் திரும்ப ஊற்றுவார். படிக்கு ஒரு கைப்பிடி மிளகாய்; நான் நிறுத்துப் பார்த்ததில் கிலோவுக்கு நாற்பது கிராம் சொச்சம். ராமநாதபுரம் குண்டு மிளகாய் நிறம் கொடுக்கும், நெஞ்சை எரிக்காது. கடுகு அதில் பாதிக்குச் சற்றுக் கூட. கடுகை வெயிலில் காயவைக்கலாம், வறுக்கக் கூடாது. முழுக் கடுகில் நெடி கிடையாது; உடைந்து ஈரம் பட்டால்தான் அது பிறக்கிறது. வறுத்த கடுகில் பிறக்கவே பிறக்காது. அந்த நெடிதான் மூக்கில் ஏறுவது, பூசணத்தைத் தள்ளி வைப்பதும் அதுவே. அதனால் மாவடுவுக்குத் தாளிப்பும் கிடையாது, பெருங்காயமும் கிடையாது. எங்கள் வீட்டில் கிடையாது என்று சொல்ல வேண்டும். சிலர் போடுகிறார்கள், அவர்கள் இஷ்டம்.

காரம் சேர்த்து இன்னும் பத்து நாள் ஊறினால் சாப்பிடலாம். ஆக, மாசி நடுவில் வாங்கிய வடு பங்குனி முதல் வாரத்தில்தான் விலைக்கு வரும்.

இதுவரைக்கும்தான் பக்குவம். இதற்கு மேல் நோட்டில் இருப்பது எல்லாம் யாருக்கு என்ன மாற்றம் என்பதுதான். "டீச்சர், 1 படி, பொடி வடு மட்டும், முழுசா வாயில போடணும்." "மேலமாசி வீதி ஜவுளிக்கடை, 3 படி, பெரிசு, கடிச்சுத் திங்கணும்." ஒரே ஜாடியில் பொடியும் பெரியதும் கலந்து போட்டால் பொடி முன்னால் ஊறும், பெரியது பின்தங்கும். அதனால் வாங்கியதும் மூன்று முறத்தில் தரம் பிரிப்பார்கள். அந்தப் பிரிவினை வந்ததே இந்த இரண்டு பேரால்தான். "டாக்டரய்யா வீடு, கடுகு வேணாம், உப்பு மட்டும்." அவருக்கு உப்பில் ஊறிய வடுவைக் காரம் சேர்ப்பதற்கு முன்பே எடுத்து வைத்துவிடுவார். "பல்லுப் போன பாட்டி, தண்ணி மட்டும் ஒரு தம்ளர், காசு இல்ல." மாவடுத் தண்ணீரைத் தயிர்சாதத்தில் விட்டுப் பிசைந்தால் ஊறுகாய் தொட்டுக்கொள்ள வேண்டியதில்லை. அந்தப் பாட்டி வருஷா வருஷம் தம்ளரோடு வந்தார். ஒரு வருஷத்துப் பக்கத்தில் அந்த வரி இல்லை. அடித்துக்கூட எழுதவில்லை, வெறுமனே இல்லை.

பாட்டில் வாங்குகிறவர்கள் கொண்டு வருவது. பெரும்பாலும் ஹார்லிக்ஸ் பாட்டில். கண்ணாடி கனமாக, வாய் அகலமாக, மூடி திருகாக இருந்த அந்தப் பழைய பாட்டிலை விட ஊறுகாய்க்குப் பொருத்தமானது எதுவும் பிறகு வரவில்லை என்பது என் கருத்து. பாட்டிலைக் கழுவிக் கொண்டு வந்தாலும் பெரியம்மா வெயிலில் கவிழ்த்து வைத்து, மறுநாள்தான் நிரப்புவார். பாட்டில் இல்லாதவர்களுக்குத் தன்னுடைய பாட்டிலில் கொடுத்து, "பாட்டில் பாக்கி" என்று எழுதுவார். பணப் பாக்கியை விட அந்த நோட்டில் பாட்டில் பாக்கிதான் அதிகம். கேட்கப் போனால் சண்டை வரும் என்று என்னைத்தான் அனுப்புவார். பணம் கேட்டால் முகம் கறுக்கிறவர்களும் பாட்டிலைக் கேட்டால் சிரித்துக்கொண்டே உள்ளே போய்த் தேடுவார்கள். பாதி பாட்டிலில் அதற்குள் மல்லிப்பொடி குடியேறியிருக்கும்.

மெட்ராஸ் ஆர்டர்களுக்கு வைகை எக்ஸ்பிரஸ். 1977-இல் அந்த ரயில் விட்ட பிறகு, காலையில் ஏறி மத்தியானம் எழும்பூரில் இறங்கலாம் என்று ஆனது. தெருவில் யார் என்றைக்கு மெட்ராஸ் போகிறார்கள் என்பது அவர்கள் டிக்கெட் எடுத்த அன்றே பெரியம்மாவுக்குத் தெரிந்துவிடும். மூடியைச் சுற்றி மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றி, துணியைக் கட்டி, தினத்தாளில் சுற்றி, ஓலைப் பெட்டியில் வைக்கோல் திணித்து இறக்குவார். நோட்டில் "கோடம்பாக்கம் 2 பாட்டில், கோமுட்டித் தெரு மாப்பிள்ளை கையில், வெள்ளி" என்று இருக்கும். கூலி கிடையாது. கொண்டு போகிறவர் வீட்டுக்கு ஒரு சின்னக் கிண்ணம் வடு போகும்.

பெரிய ஆர்டர் ஒன்றின் கணக்கு இரண்டு பக்கத்துக்கு விரிந்து கிடக்கிறது. மெட்ராஸில் ஒரு கல்யாணம், பந்திக்கு மாவடு. பன்னிரண்டு படி. கழிவுக்கு இரண்டு படி சேர்த்துப் பதினாலு படி வாங்கியிருக்கிறார். உப்பு பன்னிரண்டு ஆழாக்கு, அதாவது ஒன்றரைப் படி. எழுதும்போதே கழிவு போகத்தான் உப்புக்குக் கணக்கு என்பதை மறக்காமல் ஓரத்தில் குறித்திருக்கிறார். வாங்க வந்தவர்கள் பெரிய எண்ணெய்த் தகரம் ஒன்றைக் கழுவிக் கொண்டு வந்தார்கள். பெரியம்மா அதைத் திண்ணையிலேயே நிறுத்திவிட்டார். உப்பும் புளிப்பும் சேர்ந்த நீர் தகரத்தை அரித்துவிடும். வடு கறுத்து, இரும்பு வாடை ஏறும். பித்தளையும் அலுமினியமும் அதே கதிதான். "கல்யாணச் சாப்பாட்டுல துரு திங்கப் போறீகளா?" என்று கேட்டு அனுப்பினார். மறுநாள் இரண்டு பீங்கான் ஜாடி வந்தது.

அடுத்த சிக்கல் நாள். கல்யாணம் வைகாசியில், வடு தயாராவது பங்குனியில். இரண்டு மாதம் மெட்ராஸ் வெயிலில், யாரும் குலுக்காமல், கடுகரைப்போடு நின்றால் அரைப்பு மேலே மிதந்து காய்ந்து, வெள்ளைப் படலம் கட்டும் என்று அவருக்குப் பயம். அதனால் வடுவை உப்புநீரோடு மட்டும் ஜாடியில் அனுப்பினார். மிளகாய், கடுகு இரண்டையும் வெயிலில் காயவைத்து இடித்துத் தனிப் பொட்டலமாகக் கட்டி, கூட ஒரு சீட்டு. அந்தச் சீட்டின் நகல் நோட்டில் இருக்கிறது: "கலியாணத்துக்கு பத்து நாள் முந்தி, ஜாடித் தண்ணியில பொடியக் கரைச்சு ஊத்தவும். காஞ்ச அகப்பை. ரெண்டு வேளை கிண்டவும். வடு தண்ணிக்கு மேல தலை நீட்டப்படாது." பொடியாக அனுப்பும் யோசனை அவருடைய முறையில் அதற்கு முன்னால் இல்லை. அதற்குப் பின் ஒவ்வொரு வருஷமும் தூரத்து ஆர்டர்கள் எல்லாம் அப்படியே போயின. இன்றைக்கும் கோடைக்குப் பிறகு சாப்பிடப் போகிறேன் என்று சொல்கிறவர்களுக்கு நான் வடு ஒரு பாட்டில், பொடி ஒரு பொட்டலம் என்றுதான் அனுப்புகிறேன்.

வடு தண்ணீருக்கு மேல் தலை நீட்டக் கூடாது என்ற வரியைத்தான் இன்று வாங்குகிறவர்களிடம் அதிகம் விளக்க வேண்டியிருக்கிறது. பத்துக் கிலோ வடு வாங்கினால் அடிபட்டது, முற்றியது, காம்பு போக எட்டரைக் கிலோ நிற்கும். அதில் ஒன்று எழுநூறு உப்பு, மிளகாயும் கடுகும் சேர்ந்து அறுநூறு கிராமை ஒட்டி. எல்லாம் சேர்த்து ஜாடியில் பத்தேமுக்கால் கிலோவுக்குச் சற்று மேலே வரும். ஆனால் சுருங்கிய வடுவை மட்டும் வடித்து நிறுத்தால் ஆறு கிலோதான். மீதி வடுவிலிருந்தே வந்த நீரும் அதில் கரைந்த உப்பும் காரமும். அரைக்கிலோ பாட்டிலில் வடு பாதிக்குச் சற்று மேலே, நீர் பாதிக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். "தண்ணிக்கா காசு வாங்குறீங்க?" என்று கேட்டு எழுதுகிறார்கள். நீரைக் குறைத்து வடுவை அடைத்தால் பாட்டில் நிறைந்து பார்க்க நன்றாக இருக்கும். இரண்டு வாரத்தில் மேலே நிற்கிற வடுவில் பூசணம் பிடிக்கும். பெரியம்மாவிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை, ஏனென்றால் அந்தத் தண்ணீருக்குத்தான் வீடுகளில் போட்டி. வடு தீர்ந்த ஜாடித் தண்ணீரில் பச்சைச் சுண்டைக்காயைக் கீறிப் போட்டு இன்னொரு மாதம் ஓட்டுவார்கள்.

இரண்டாவது கேள்வி உப்பு. "உப்பைப் பாதியாகக் குறைத்துப் போட முடியுமா?" ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் உப்பைப் பாதியாக்கினால் அது வேறு பண்டம். நாலு நாளில் நீர் கலங்கும், குமிழ் விடும். மூடியைத் திறந்தால் சோடா பாட்டில் திறக்கிற சத்தம் வரும், கள்ளு வாடை அடிக்கும். வடுவை அமுக்கினால் நெகிழும். ஃபிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தின்று முடிக்கிறவர்கள் வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். கூரியரில் மூன்று நாள் வெயிலில் அலைகிற பாட்டிலுக்கு அது ஆகாது. ஒரு வடுவைக் குறைத்துத் தின்னுங்கள் என்று பதில் எழுதுகிறேன்.

பாட்டில் இப்போது பிளாஸ்டிக். கூரியரில் கண்ணாடி உடைகிறது. மூடிக்குள் ஒரு வெள்ளித்தாள் வைத்துச் சூட்டில் ஒட்டுகிற கைக்கருவி வாங்கியிருக்கிறேன். மெழுகுவர்த்தியின் வேலையை அது செய்கிறது. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வாங்கியிருக்கிறேன். நான் பதிந்தபோது ஆண்டுக்குப் பன்னிரண்டு லட்சம் வரை விற்கிற சிறு வியாபாரிக்கு வருஷக் கட்டணம் நூறு ரூபாய். பதினான்கு இலக்க எண் ஒன்று தந்தார்கள். லேபிளில் அந்த எண், சேர்மானம், நிகர எடை, தயாரித்த தேதி, பச்சைப் புள்ளி, எதற்குள் பயன்படுத்த வேண்டும் என்ற தேதி எல்லாம் இருக்க வேண்டும். சேர்மானத்தை எடை கூடியதிலிருந்து குறைந்ததற்கு வரிசையாக எழுத வேண்டும். மாவடு, உப்பு, மிளகாய், கடுகு என்று பெரியம்மாவின் வரிசையே அங்கேயும் வந்து நிற்கிறது, விளக்கெண்ணெயும் மஞ்சளும் மட்டும் கடைசிக்குப் போகின்றன. கடைசித் தேதியை மட்டும் அவரிடம் கேட்டிருந்தால் "அடுத்த வடு வர்ற வரைக்கும்" என்று சொல்லியிருப்பார். நான் ஆறு மாதம் என்று போடுகிறேன்.

இந்த லேபிள் ஒட்டுவதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. யார் கையில் செய்தது, எப்போது செய்தது என்று தெரியாமல் வாங்கித் தின்பவருக்கு அது வேண்டும். பெரியம்மாவிடம் வாங்கியவர்கள் வாசலில் நின்று ஜாடியைப் பார்த்துவிட்டு வாங்கினார்கள். ஆனால் லேபிள் ஒட்டிய பிறகு டீச்சருக்குப் பொடி வடு, டாக்டர் வீட்டுக்குக் கடுகில்லாமல் என்று மாற்றுவது முடிவதில்லை. மாற்றினால் சேர்மானம் மாறும், லேபிள் மாறும். நூற்றுச் சொச்சம் பாட்டிலும் ஒரே ருசி. நன்றாகத்தான் இருக்கிறது. யாருடையதாகவும் இல்லை, அவ்வளவுதான்.

வடு இப்போது தெருவுக்கு வருவதில்லை. விடியற்காலையில் மாட்டுத்தாவணிச் சந்தைக்குப் போய்ச் சாக்கில் வாங்குகிறேன். சாக்கின் அடியில் கை விடலாம், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. வெட்டிப் பார்க்க மட்டும் முறைக்கிறார்கள். பாதிச் சாக்கு ஒட்டுமரத்து வடு. நாட்டு வடு வேண்டும் என்றால் முன்கூட்டிச் சொல்லி வைக்க வேண்டும். நத்தம் சாலையில் நான் சிறுமியாகப் பஸ்ஸில் போனபோது இரண்டு பக்கமும் நின்ற மரங்களில் பல, சாலையை அகலப்படுத்தியபோது போய்விட்டன. தோப்புக்காரர்கள் நார் பழம் காய்க்கிற மரத்தை எதற்கு வைத்திருப்பார்கள்? வடுவுக்கென்று பறிக்கக் கூலி கொடுத்து ஆள் ஏற்றினால் கட்டாது. எனக்கு வடு தருகிற பெண்மணி அழகர்கோவில் பக்கம். அவருடைய அம்மா தலைக்கூடையில் மதுரைக்கு வந்தவர். மூன்று மரம் வைத்திருக்கிறார். கிலோவில்தான் விற்கிறார். நிறுத்துக் கொடுத்துவிட்டு, தட்டில் இருந்து ஒரு கை அள்ளிப் பைக்குள் போடுகிறார். அது எதற்கு என்று முதல் வருஷம் கேட்டேன். "கொசுறு இல்லக்கா, குவியலு" என்றார்.

இந்த வருஷ ஆர்டரில் ஒன்று கோயம்புத்தூரிலிருந்து. எழுதியவருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். தன் பாட்டி மேலமாசி வீதியில் இருந்தவர் என்றும், அவருக்குப் பெரிய வடுதான் பிடிக்கும் என்றும், கடித்துத் தின்னப் பல் இப்போது இல்லையென்றாலும் பெரியதே அனுப்பச் சொன்னார் என்றும் எழுதியிருந்தார். அந்த ஜவுளிக்கடை வீடா என்று நான் கேட்கவில்லை. மேலமாசி வீதியில் ஜவுளிக்கடை வீடுகள் எத்தனையோ. பெரிய வடுவாகப் பொறுக்கி ஒரு சின்ன ஜாடி தனியாகப் போட்டிருக்கிறேன். காரம் சேர்த்து நாலு நாள் ஆகிறது. பெரியது மெதுவாக ஊறும் என்பதால் இன்னும் இரண்டு வாரம் கழித்துத்தான் கூரியர் என்று பதில் அனுப்பினேன். பாட்டி சரி என்கிறார், தண்ணீர் மட்டும் கூடுதலாக ஒரு பாட்டில் கிடைக்குமா என்று கேட்கிறார், அதற்கு விலை என்ன என்று மறு செய்தி வந்திருக்கிறது.